பிந்தி வந்த பதில்

"அக்கா, பேரு தானா மாறுது. நான் சரியான ஆளைத்தான் அழுத்தறேன். விரல் இறங்கறதுக்குள்ள வேற ஆளு வந்து உட்கார்ந்துக்கறாரு. நம்புங்கலா அக்கா."

ஷாஹிரா அனுப்பிய அந்தக் குரல்பதிவை ரூபினி மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கும்போது அவளுக்குக் கோபம்தான் வந்தது. கணினிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சொன்னால் எந்தப் புரோகிராமருக்குத்தான் கோபம் வராது? தப்பு செய்த விரலைக் காப்பாற்ற ஆட்கள் எதையும் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஷாஹிரா ஜெலுத்தோங்கில் உள்ள ஓர் அறநிலைய டயாலிசிஸ் மையத்தின் முகப்பில் வேலை செய்கிறவள். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்தில் மூன்று நாள் அங்கே வந்து, நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். வந்தவுடன் முகப்பில் ஐ.சி. எனப்படும் அடையாள அட்டையின் எண்ணைச் சொல்ல வேண்டும். ஷாஹிரா அதைத் தட்டுவாள். திரையில் பெயர் வரும். பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் அன்றைய சிகிச்சை அட்டை அச்சாகும். எவ்வளவு நீரை எடுக்க வேண்டும், இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் எவ்வளவு போட வேண்டும், எல்லாம் அந்த அட்டையில் இருக்கும். தாதி அதைப் பார்த்துத்தான் இயந்திரத்தை ஓட்டுவாள்.

அந்தத் தேடல் பக்கத்தை எழுதியவள் ரூபினி. ஜார்ஜ்டவுன் பீச் ஸ்ட்ரீட்டில், பழைய கடைவீட்டு மாடியில் இயங்கும் ஆறு பேர் கொண்ட சின்ன மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. அவள் எழுதியவற்றிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது அந்தப் பக்கம்தான். தட்டத் தட்டப் பெயர்கள் வந்து விழும் அழகை அவளே பலமுறை ரசித்திருக்கிறாள்.

முந்தைய திங்கட்கிழமை நவமணி என்ற அம்மாவுக்கு வேறொருவரின் அட்டை அச்சாகிவிட்டது. ஒன்றரை லிட்டர் எடுக்க வேண்டிய இடத்தில் மூன்று லிட்டருக்கு மேல் எடுத்துவிட்டார்கள். இரத்த அழுத்தம் இறங்கி, பேச்சு மூச்சில்லாமல் கிடந்து, கால் மணி நேரம் கழித்துத்தான் கண் திறந்தார். மையத்தின் நிர்வாகி ஜெயராஜ் மறுநாளே கடிதம் அனுப்பினார். மென்பொருளில் கோளாறா, ஊழியரின் கவனக்குறைவா, எழுத்து மூலம் பதில் வேண்டும்.

ரூபினி சும்மா பதில் எழுதிவிடவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து நாற்பது தடவை சோதித்தாள். சோதனைப் பட்டியலிலிருந்து பன்னிரண்டு இலக்க எண்ணை நகலெடுத்து ஒட்டினாள். சில தடவை மனப்பாடமாகக் கடகடவென்று தட்டினாள். நாற்பது தடவையும் சரியான ஆள்தான் வந்தார். ஒரு தடவைகூட யாரும் மாறவில்லை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினாள்: தேடல் பக்கம் முழுமையாகச் சோதிக்கப்பட்டது, பிழை எதுவும் இல்லை, தவறான வரிசை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு. கீழே கையெழுத்தும் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஷாஹிராவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, புதிய அச்சுப்பொறியைப் பொருத்திக் கொடுக்க ரூபினி மோட்டார் சைக்கிளில் ஜெலுத்தோங் போனாள். முகப்பில் இப்போது ஹக்கீம் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, முதுகு வலியால் இந்த வேலைக்கு வந்தவர். இரண்டே விரலால், ஆனால் வேகமாகத் தட்டுவார். சுவரோரமாக நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காலைப் பிரிவு முடிந்து பதினொரு மணிப் பிரிவு தொடங்கும் நேரம்.

"அந்தப் பொண்ணு போனதுல எங்களுக்குத்தான் கஷ்டம் மிஸ்," என்றார் ஹக்கீம், கேபிளை எடுத்துக் கொடுத்தபடி. "பெரியவங்க எல்லாம் அவளைத்தான் கேக்கறாங்க. ஆனா ரொம்ப ஸ்லோவாம். எண்ணைத் தட்டிட்டு கையைக் கட்டிக்கிட்டு மூணு வரைக்கும் எண்ணுவாளாம். அப்புறம் மறுபடி பேரைப் பார்ப்பாளாம். மாறிப்போச்சுன்னா திரும்ப முதல்ல இருந்து தட்டுவாளாம். நவமணி அம்மா மயங்கி விழுந்த நாள்லேர்ந்து அப்படித்தானாம். ஜெயராஜ் சார் என்கிட்ட சொல்லிட்டாரு, அந்தப் பழக்கம் எல்லாம் வேணாம், சீக்கிரம் முடிங்கன்னு."

ரூபினி அச்சுப்பொறியின் பின்பக்கம் குனிந்திருந்தாள். அப்போது மெலிந்த ஒரு முதியவள் முகப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஐ.சி. சொல்லுங்கம்மா."

"அஞ்சு சீரோ சீரோ ஒன்னு சீரோ ஒன்னு," என்றாள் அவள். மூச்சு வாங்கிக்கொண்டாள். ஹக்கீம் ஆறு இலக்கத்தையும் ஒரே வீச்சில் தட்டி முடித்து நிமிர்ந்தார். "சீரோ ஏழு," என்றாள். தட்டினார். மறுபடியும் ஒரு மூச்சு. பிறகு கடைசி நான்கு எண்கள்.

இந்த நாட்டில் யார்தான் ஐ.சி. எண்ணை ஒரே மூச்சில் சொல்கிறார்கள்? பிறந்த தேதி ஆறு இலக்கம், நிறுத்தம், மாநிலம் இரண்டு இலக்கம், நிறுத்தம், பிறகு நாலு. ரூபினியே வங்கியில் அப்படித்தான் சொல்வாள். ஆனால் நாற்பது தடவை சோதித்தபோது ஒரு தடவைகூட அவள் நிறுத்தித் தட்டவில்லை. அது இப்போது, கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் எழுந்து ஹக்கீமின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள்.

திரையில் ஒரே ஒரு பெயர் இருந்தது. முதியவளின் பெயர். ஹக்கீமின் கை மவுஸை நகர்த்தி அச்சுப் பொத்தானை நோக்கிப் போனது.

பெயர் மாறியது.

யாரும் எதையும் தொடவில்லை. ஒரு வரி இருந்த இடத்தில் மூன்று வரிகள் வந்து நின்றன. முதியவளின் பெயர் மூன்றாவது இடத்துக்கு இறங்கியிருந்தது. முதல் வரியில் சீனி முகம்மது என்று இருந்தது. ஹக்கீமின் சுட்டி அந்தப் பெயருக்குப் பக்கத்துப் பொத்தானின் மேல் நின்றுகொண்டிருந்தது.

"நில்லுங்கண்ணே!" என்று ரூபினி கத்தியே விட்டாள்.

ஹக்கீம் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். "யா அல்லா. நான் ஒன்னும் பண்ணலையே மிஸ்?"

அவர் ஒன்றும் பண்ணவில்லை. பண்ணியது யார் என்று ரூபினிக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். தட்டும் விரல் முன்னூறு மில்லிசெகண்ட் ஓய்ந்தால், எழுதி முடித்துவிட்டார்கள் என்று எண்ணி அந்தப் பக்கம் சர்வருக்கு ஒரு கேள்வியை அனுப்பும். ஒரே மூச்சில் தட்டினால் ஒரே கேள்வி. மூன்று துண்டாகத் தட்டினால் மூன்று கேள்விகள். கடைசிக் கேள்வியில் முழு எண்ணும் இருப்பதால் சர்வர் நேராகப் போய் ஓர் ஆளை எடுத்துக் கொடுத்துவிடும். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வரும். ஆறே இலக்கத்தோடு போன முதல் கேள்விக்கு, மையத்தின் நான்கு கிளைகளின் பதிவேடுகளையும் சர்வர் துழாவ வேண்டும். பிரிவு மாறும் நெரிசல் நேரத்தில் அதற்கு மூன்று நொடிகூட ஆகும். அலுவலகச் சோதனைத் தளத்திலோ நாற்பது நோயாளிகள்தான். அங்கே எல்லாமே சிட்டாகப் பறக்கும்.

முதலில் கேட்டது கடைசியில் வந்து சேர்கிறது. ரூபினி எழுதிய நிரலுக்கு எது புதிய பதில், எது பழைய பதில் என்ற பேதமே தெரியாது. எது வந்தாலும் திரையில் கொட்டும். பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஷாஹிரா சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை.

இன்னொன்றையும் அவள் பார்த்தாள். அந்த மூன்று பேருக்கும் ஒரே பிறந்த தேதி. 1950, ஜனவரி ஒன்று. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளுக்குப் பல வருடம் கழித்துப் பிறப்புப் பத்திரம் எடுக்கப் போனபோது, தேதி யாருக்கும் நினைவில்லாமல், ஜனவரி ஒன்று என்று எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. அந்த மையத்தில் அப்படிப் பிறந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். போதாததற்கு, அட்டைகளை வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கிறார்கள் என்று அறநிலையக் குழு சென்ற வருடம் பெயரை எடுத்துவிட்டு ஐ.சி.யின் முதல் ஆறு இலக்கங்களை மட்டும் அச்சிடச் சொல்லியிருந்தது. அட்டையைத் தாதி எத்தனை தடவை சரிபார்த்தாலும் இந்த மூன்று பேருக்கும் அதே ஆறு இலக்கம்தான்.

பட்டியலின் இரண்டாவது வரி சிவப்பாக இருந்தது. நல்லமுத்து. பெயருக்குக் கீழே: ஹெப்பரின் எக்காரணம் கொண்டும் கூடாது.

"இவரு யாருண்ணே?"

"நல்லமுத்து அண்ணனா? நாலு மணிப் பிரிவு. செவ்வாய், வியாழன், சனி. ரெண்டு வருஷம் முன்னால போட்டப்போ அந்த மருந்து அவருக்கு மட்டும் தலைகீழா வேலை செஞ்சு ரத்தம் எல்லாம் அங்கங்க கட்டிப்போயி, காலையே எடுக்கற நிலைமைக்குப் போயிட்டாராம். முந்தியெல்லாம் வந்தா வர்ற தாதிகிட்ட எல்லாம், எனக்கு அந்த ஊசி வேணாம்மான்னு சொல்லிக்கிட்டே இருப்பாராம். கம்ப்யூட்டர் வந்தப்புறம் சொல்றது இல்ல. அதான் அட்டையில இருக்கேங்கறாரு."

இன்று செவ்வாய்க்கிழமை. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஐம்பது.

அங்கேயே ஜெயராஜுக்குப் போன் போட்டு, கோளாறு என்னுடையது, இன்று முழுக்க அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள், பழைய கோப்பைப் பார்த்துக் கையால் அட்டை எழுதுங்கள் என்று ரூபினி சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு அது தெரியாமலில்லை. போனைக் கையில் எடுக்கவும் செய்தாள். ஆனால் அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. முழுமையாகச் சோதிக்கப்பட்டது என்ற வார்த்தையும் கீழே இருந்த கையெழுத்தும் கண்முன் வந்தன. ஐந்து மணி நேரம் இருக்கிறது, இரண்டு மணி நேர வேலை, நாலு மணிக்குள் திருத்திவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று அவள் மனம் கணக்குப் போட்டது. வெட்கம் மனிதரை எவ்வளவு கெட்டிக்காரராக்கிவிடுகிறது!

"அண்ணே, பேரை நல்லாப் பார்த்துட்டு அழுத்துங்க. அவசரப்படாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, முதியவளின் வரியைத் தானே அழுத்தி அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"சரி மிஸ்," என்றார் ஹக்கீம், வரிசையைப் பார்த்துக்கொண்டே.

பீச் ஸ்ட்ரீட் மாடிக்கு வந்ததும் அவள் சாப்பிடக்கூட எழவில்லை. இந்தக் கோளாறைத் தீர்க்கும் வழி என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவமானம் இன்னும் அதிகமாக இருந்தது. உலாவியிலேயே AbortController என்று ஒன்று இருக்கிறது. கேள்வியை அனுப்பும்போதே அதன் சிக்னலையும் கூடவே கட்டி அனுப்பலாம். அடுத்த கேள்வி கிளம்பும்போது, முந்தைய கேள்வியின் கன்ட்ரோலரிடம் நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதில் பாதி வழியில் இருந்தாலும் உலாவி அதைக் கைவிட்டுவிடும். சர்வர் தன் பாட்டுக்குத் துழாவிக்கொண்டிருக்கலாம். அது திரைக்கு வந்து சேராது. வேலை இவ்வளவுதான், பத்து வரி. இதைச் சென்ற வருடமே செய்திருக்கலாம். பட்டியல் அழகாக விழுகிறது என்று ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில் செய்திருக்கலாம்.

பதற்றத்தில் அந்தப் பத்து வரியிலும் ஒரு தப்பு. பக்கம் முழுவதற்கும் ஒரே கன்ட்ரோலரை மேலே உருவாக்கி வைத்துவிட்டாள். முதல் தேடல் ஓடியது. இரண்டாவது தேடலில் நிறுத்து என்றதும், அதற்குப் பிறகு எந்தத் தேடலும் கிளம்பவே இல்லை. ஒருமுறை நிறுத்தச் சொன்ன கன்ட்ரோலர் அதோடு முடிந்தது; அதன் சிக்னலைக் கட்டி அனுப்பும் எதுவும் வாசலிலேயே செத்து விழும். ஒவ்வொரு கேள்விக்கும் புதியது ஒன்று வேண்டும். இந்தப் பாலபாடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு நாற்பது நிமிடம் ஆனது.

பிறகு ஒழுங்காக எழுதினாள். பழையதை நிறுத்து, புதிய கன்ட்ரோலரை உருவாக்கு, அதன் சிக்னலோடு கேள். எழுத்து மாறியவுடனே, முன்னூறு மில்லிசெகண்ட் காத்திருக்காமல், பழையதை நிறுத்தித் திரையிலுள்ள பட்டியலையும் துடைத்துவிடு. நிறுத்தப்பட்ட கேள்வி பிழைபோலத் திரும்பி வரும். நாமே நிறுத்தியது என்பதால் அதற்குச் சிவப்பு எச்சரிக்கை காட்டாமல் சும்மா விடு. மற்றப் பிழைகளை மட்டும் சொல். சோதனைச் சர்வரில் அரைகுறை எண்ணுக்கு வேண்டுமென்றே நான்கு நொடி தாமதம் வைத்தாள். அந்த முதியவளைப்போல மூச்சு வாங்கி மூச்சு வாங்கித் தட்டினாள். ஆறு இலக்கக் கேள்வி சிவப்பு நிறத்தில் ரத்து என்று விழுந்தது. எட்டு இலக்கக் கேள்வியும் விழுந்தது. முழு எண்ணுக்குரிய ஒரே பெயர் வந்து நின்றது. நான்கு நொடி போயிற்று, பத்து நொடி போயிற்று, அது அசையவில்லை.

நிறுவனத்தை நடத்தும் புவனேஸ்வரன் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன திடீர்னு அப்டேட்? கஸ்டமர் ஏதாச்சும் கேட்டாங்களா?"

"சின்ன இம்ப்ரூவ்மெண்ட்தான் அண்ணே," என்றாள். பச்சைப் பொய். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்று மணி ஐந்துக்குப் புதிய நிரல் தளத்தில் ஏறியது. ரூபினி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பாலில்லாத தே ஓ ஒரு கோப்பை குடித்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. ஷாஹிராவுக்கு என்ன சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்தாள். ஜெயராஜிடம் மெதுவாகப் பேசி அவளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லலாம். பூசி மெழுகிச் சொல்ல வழி கிடைக்காமலா போகும்?

மூன்று ஐம்பதுக்கு, சும்மா ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று சர்வர் பதிவுகளைத் திறந்தாள். நாலு மணிப் பிரிவுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தேடலும் ஒரு வரியாகக் கீழிருந்து ஏறியது. உலாவி பாதியில் கைவிட்ட கேள்வி என்றால் வரியின் முடிவில் 499 என்று இருக்கும். ஒழுங்காகப் பதில் போய்ச் சேர்ந்திருந்தால் 200. அரைகுறை எண்களுக்கெல்லாம் 499 வரிசையாக விழுவதைப் பார்த்து ரசிக்கலாம் என்றுதான் திறந்தாள்.

எல்லாம் 200.

ஒன்றுகூட 499 இல்லை. நிரல் ஏறவில்லையோ என்று தன் கணினியில் பக்கத்தைத் திறந்து பார்த்தாள், புதியதுதான் வந்தது. அப்படியானால் முகப்பில் ஓடுவது என்ன? அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முகப்புக் கணினியில் அந்தப் பக்கத்தை யாரும் மூடுவதே இல்லை. காலையில் திரையை எழுப்புவார்கள், மாலையில் திரையை அணைப்பார்கள். பக்கம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே திறந்து கிடக்கும். திறந்து கிடக்கும் பக்கத்தில் ஓடுவது, என்றைக்குத் திறந்தார்களோ அன்றைய நிரல். சர்வரில் நீ என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. புதுப்பிக்கும் வரை தெரியாது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று வரிகள் ஏறின. முதலில் முழு எண், 200. அது நல்லமுத்துவின் எண். அடுத்து எட்டு இலக்கம், 200. கடைசியாக 500101, 200. அந்த மூன்றுக்கும் கீழே அச்சுக் கட்டளை ஒன்று வந்தது. அதிலிருந்த கோப்பு எண் சீனி முகம்மதுவுடையது.

அவள் போனை எடுத்து அழைத்தாள். ஹக்கீமின் கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது. மையத்தின் தொலைபேசியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி ஹக்கீம். மறுபடி மையம். பிறகு ஜெயராஜ். அவர் எடுத்தார்.

"சார், நல்லமுத்துன்னு ஒருத்தர். அவருக்கு இப்ப தப்பான அட்டை போயிருக்கு. ஹெப்பரின் போடக்கூடாது. உடனே நிறுத்தச் சொல்லுங்க."

"அடடா, ஹக்கீமுமா?" என்றார் ஜெயராஜ். பின்னால் வாகன இரைச்சல் கேட்டது. "நான் பாலத்துல இருக்கேன் மிஸ் ரூபினி, பட்டர்வொர்த் மீட்டிங். இந்த ஆளுங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? நீங்களே சிஸ்டத்துல ஒன்னும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டீங்க. நாளைக்கு வந்து விசாரிக்கறேன்."

"சார், அவரு தப்பு இல்ல. நாளைக்கு இல்ல சார், இப்ப. இப்பவே தாதியைக் கூப்பிடுங்க!"

"சரி சரி, கூப்பிடறேன். பதட்டப்படாதீங்கலா."

அந்தச் சரி சரியில் எந்த அவசரமும் இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு அந்தத் தைரியத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளே அவள்தான். ரூபினி படியிறங்கி மோட்டாரை எடுத்தாள். சாலை நெடுகப் பள்ளி விட்ட வேன்களும் வேலை விட்ட மோட்டார்களும் அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவள் வாய்விட்டு, போட்டிருக்க மாட்டார்கள், இன்னும் போட்டிருக்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நாலு பதினெட்டுக்கு மையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். முகப்பில் ஹக்கீம் இல்லை. உள்ளே ஐந்தாவது நாற்காலியைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தார்கள். இந்த மாதம்தான் சேர்ந்திருந்த தாதி ரொஸ்னா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். நாற்காலியில் இருந்தவர் குளிர் ஜுரம் கண்டவரைப்போலத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நல்லமுத்துவை ரூபினி முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

"ஹெப்பரின் போட்டீங்களா?"

"அட்டையில இருந்துச்சே," என்றாள் ரொஸ்னா. "தேதியைச் செக் பண்ணேன், அவருகிட்டயும் கேட்டேன். அஞ்சு சீரோ சீரோ ஒன்னு சீரோ ஒன்னு. சரின்னாரு. கால் மணி நேரத்துல இப்படி ஆயிட்டாரு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. இப்பதான் சார் போன் பண்றாரு."

"அவருக்கு அது ஆகாது. அது வேற ஆளோட அட்டை. ஆம்புலன்ஸ்ல வர்றவங்ககிட்ட மறக்காம சொல்லுங்க, ஹெப்பரின் போட்டு இப்படி ஆச்சுன்னு."

வந்து சேர்ந்த ஆம்புலன்ஸ் ஆட்கள் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். முகமூடிக்குள் அவர் எதையோ சொல்ல முயன்றார். பக்கத்தில் ஓடிய ரொஸ்னாவுக்கும் அது விளங்கவில்லை. மற்ற ஏழு நாற்காலிகளிலும் படுத்திருந்தவர்கள் தலையைத் திருப்பித் தங்கள் தங்கள் அட்டையைப் பார்த்துக்கொண்டார்கள்.

ரொஸ்னா அட்டைகளை எல்லாம் கழற்றிப் பழைய கோப்புகளோடு ஒப்பிடத் தொடங்கினாள். ஹக்கீம் முகப்புக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றார். "பேரைப் பார்த்துட்டுத்தான் மிஸ் அழுத்தினேன். நீங்க சொன்ன மாதிரியே பார்த்தேன். சத்தியமா அவரு பேருதான் இருந்துச்சு." அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. போன வாரம் ஒரு பெண் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் இவரும் சொல்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

"தெரியும்ணே. நீங்க தப்பு பண்ணல. நான்தான் பண்ணேன்," என்றாள் ரூபினி. காலையில் சொல்ல மாட்டாமல் விழுங்கிய வார்த்தை இப்போது சுலபமாக வந்தது. இப்போது வந்து யாருக்கு என்ன லாபம்?

அவள் முகப்புக் கணினியின் முன் உட்கார்ந்து, பக்கத்தைப் புதுப்பிக்கும் எஃப்-ஐந்து விசையைத் தட்டினாள். பக்கம் ஒருமுறை வெளுத்து மீண்டும் வந்தது. அரை நொடி. மூன்று ஐந்திலிருந்து அந்தத் திருத்தம் இந்த ஒரு தட்டலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பாத்திரத்தில் சோறு இருக்கிறது என்று பசித்தவனிடம் சொல்லாமல் இருந்ததைப்போல, அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே!

நல்லமுத்துவின் எண்ணை நிறுத்தி நிறுத்தித் தட்டிப் பார்த்தாள். பெயர் வந்தது. சிவப்பு வரி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். பிறகும் எண்ணினாள். மாறவில்லை.

ஜெயராஜுக்கு நான்கு வரி எழுதி அனுப்பினாள். என் கடிதம் தவறு. கோளாறு என் நிரலில் இருந்தது. இன்று காலை பத்து ஐம்பதிலிருந்து எனக்கு அது தெரியும். ஷாஹிரா சொன்னது முழு உண்மை. பத்து ஐம்பது என்ற இடத்தில் விரல் நின்றது. அதை அழிக்காமலே அனுப்பினாள். புவனேஸ்வரனுக்கும் அதையே அனுப்பினாள். பிறகு ஷாஹிராவை அழைத்தாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஏதோ கடையில் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது.

"ஷாஹிரா, நான் ரூபினி பேசறேன். நீ சொன்னது சரிதான்மா. பேரு தானாத்தான் மாறியிருக்கு. நான் பார்த்துட்டேன். என் தப்பு அது."

மறுமுனையில் பாத்திரச் சத்தம் விலகியது. கதவு சாத்தும் ஓசை வந்தது. அவள் திட்டுவாள், அழுவாள், என் வேலையைக் கெடுத்துவிட்டாயே என்று கேட்பாள் என்று ரூபினி காத்திருந்தாள். அதற்கெல்லாம் அவள் தயாராகத்தான் இருந்தாள். ஷாஹிரா அது எதையும் கேட்கவில்லை. இன்று என்ன கிழமை, இப்போது எந்தப் பிரிவு, அதில் யார் யார் வருவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு இன்னும் மனப்பாடம்.

"யாருக்கு அக்கா?" என்றாள். "நல்லமுத்து அண்ணனுக்கா?"